பில்டருக்குக் கொடுத்த குடும்ப நிலம்: கேபிடல் கெயின் எந்த ஆண்டில் வரும்?

கேள்வி: சார், சென்னையில் அப்பா பேரில் 2 கிரவுண்டும் பழைய வீடும் இருந்தன. அப்பாவுக்குப் பிறகு அக்கா, நான், தம்பி மூவருக்கும் சம பங்கு. 2021 செப்டம்பரில் பில்டருடன் 50:50 ஜாயின்ட் டெவலப்மென்ட் ஒப்பந்தம் பதிவு செய்தோம். ஆளுக்கு 10 லட்சம் திருப்பித் தர வேண்டாத பணம் கொடுத்தார். ஆறு பிளாட்டில் ஆளுக்கு ஒன்று, தலா 1,600 சதுர அடி. பில்டர் எங்கள் பவரை வைத்துத் தன் மூன்று பிளாட்டுக்கான யூடிஎஸ் என்ற பிரிபடாத நிலப் பங்கின் பத்திரங்களை 2024 ஆகஸ்டுக்குப் பிறகு பதிவு செய்து கொடுத்தார். நிறைவுச் சான்று 2025 ஜூனில் வந்தது. அக்கா மட்டும் 2024 டிசம்பரில் தன் பிளாட்டை 1.35 கோடிக்கு விற்றுவிட்டார். நாங்கள் இருவரும் வைத்திருக்கிறோம். யாருக்கு எந்த ஆண்டில் வரி? ஒப்பந்தம் போட்ட வருடமே கட்டியிருக்க வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதில்:

உங்களுக்கும் தம்பிக்கும் 2025-26 நிதியாண்டு. அக்காவுக்கு 2024-25. ஒப்பந்தம் போட்ட 2021-22இல் மூவரில் யாருக்குமே வரி இல்லை. உங்களைப் பயமுறுத்தியவர் பழைய சட்டத்தை நினைத்துச் சொல்லியிருக்கிறார்.

2017க்கு முன்பு நிலைமை அவர் சொன்னபடிதான் இருந்தது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவுப்படி, ஒப்பந்தத்தை நம்பி நிலத்தின் அனுபோகத்தைப் பில்டரிடம் விட்டாலே வருமான வரிச் சட்டம் அதைச் சொத்து கைமாறியதாக எடுத்துக்கொண்டது. கையில் ஒரு செங்கல்கூட வராத நிலையில், என்றோ கிடைக்கப்போகும் பிளாட்டின் மதிப்புக்கு அந்த ஆண்டே வரி கேட்டார்கள். அதைக் கட்ட முடியாமல் கடன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. பில்டர் பாதியில் ஓடிவிட்டால் கட்டிய வரியும் போயிற்று. இதைச் சரிசெய்யத்தான் 2017 நிதிச் சட்டத்தில் 45(5ஏ) என்ற உட்பிரிவு வந்தது. 2017-18 நிதியாண்டு முதல் அது பொருந்துகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது என்றாலும், நீங்கள் கேட்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் 1961 சட்டம்தான்.

45(5ஏ) சொல்வது இதுதான். நில உரிமையாளர் தனிநபராகவோ இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நிலத்துக்கு ஈடாக அதே திட்டத்தில் நிலமோ கட்டடமோ பங்காகக் கிடைக்க வேண்டும். கூடவே கொஞ்சம் பணம் வந்தாலும் பரவாயில்லை. இந்த மூன்றும் இருந்தால், திட்டம் முழுவதற்கோ ஒரு பகுதிக்கோ உரிய அதிகாரி நிறைவுச் சான்று கொடுக்கும் ஆண்டில்தான் லாபம் வரிக்கு வரும். நீங்கள் மூவரும் தனித்தனிப் பங்குதாரர்கள், அதனால் மூன்று தனித்தனிக் கணக்கு. ஒருவர் செய்தது மற்றவரைப் பாதிக்காது. அக்கா விற்றதால் உங்கள் ஆண்டு மாறவில்லை.

இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று தவறினால் சலுகை முழுதாகப் போய்விடும். வழக்கமாக நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். வங்கிக் கடனுக்காகவோ நிர்வாக வசதிக்காகவோ நிலத்தை ஒரு பார்ட்னர்ஷிப்புக்கு மாற்றிவிட்டுப் பிறகு பில்டரிடம் ஒப்பந்தம் போடுகிறார்கள். பார்ட்னர்ஷிப் தனிநபர் இல்லை, சலுகை கிடையாது. பிளாட்டுக்குப் பதில் விற்பனைத் தொகையில் இத்தனை சதவீதம் என்று எழுதுகிறார்கள். அது கட்டடப் பங்கு இல்லை, பணம். பில்டர் தன்னுடைய வேறொரு திட்டத்தில் பிளாட் தருவதாகச் சொல்வார். சட்டம் அதே திட்டத்தில் பங்கு கேட்கிறது. ஒப்பந்தத்தை நோட்டரியோடு நிறுத்துவதும் நடக்கிறது. பதியாத ஒப்பந்தத்தின் பேரில் அனுபோகம் கொடுத்தது 53ஏ-யின் கீழ் வராது என்று பல்பீர் சிங் மைனி வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் அந்த வழியில் உடனே வரி வராமல் போகலாம். ஆனால் நிறைவுச் சான்று வரை காத்திருக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. பிறகு பத்திரம் பதிவாகும்போது பழைய விதிகளின்படி பிரச்சினை திரும்பி வரும். உங்கள் ஒப்பந்தம் பதிவானது என்பதால் இந்தக் கவலை இல்லை.

இனி தொகைக்கு வருவோம். விற்பனை மதிப்பாக எடுக்க வேண்டியது, நிறைவுச் சான்று தேதியன்று உங்கள் பங்குக்கு உள்ள முத்திரைத் தீர்வை மதிப்பும், கூடவே பெற்ற பணமும். 2021இன் மதிப்பையும் எடுக்கக்கூடாது, சந்தை விலையையும் எடுக்கக்கூடாது.

தமிழ்நாட்டில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்குமாடி பிளாட்டுகளுக்கு நிலம், கட்டடம் இரண்டையும் சேர்த்து ஒரே கூட்டு மதிப்பாகப் பதிவுத்துறை நிர்ணயிக்கிறது. அந்த மதிப்பில் உங்கள் யூடிஎஸ்ஸும் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த யூடிஎஸ் உங்களைவிட்டு எப்போதும் போகவே இல்லை. மூவருக்கும் ஆளுக்கு 1,600 சதுர அடி நிலம். அதில் 800 பில்டர் வழியாக அடுத்தவருக்குப் போனது, மீதி 800 உங்களிடமே இருக்கிறது. போன 800க்கு விலையாக வந்தது கட்டடமும் அந்த 10 லட்சமும் மட்டுமே. ஆகவே கூட்டு மதிப்பிலிருந்து உங்களிடம் தங்கிய நிலத்தின் கைடுலைன் மதிப்பைக் கழிக்க வேண்டும், அடக்க விலையையும் 800 சதுர அடிக்கே எடுக்க வேண்டும். கூட்டு மதிப்பை முழுதாக எடுத்துவிட்டு அடக்க விலையை மட்டும் பாதி நிலத்துக்குப் போடுவதை ஆடிட்டர் கணக்குகளிலும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு நிலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கணக்கைப் புரிந்துகொள்ளச் சில எண்களை வைத்துக்கொள்வோம்; உங்கள் தெருவின் உண்மையான எண்களை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். 2025 ஜூனில் கூட்டு மதிப்பு சதுர அடிக்கு 8,000 என்றால் உங்கள் 1,600 சதுர அடி பிளாட் 1.28 கோடி. நிலத்தின் கைடுலைன் மதிப்பு 5,000 என்றால் உங்களிடம் தங்கிய 800 சதுர அடி 40 லட்சம். மீதி 88 லட்சம் கட்டடம். அதோடு 10 லட்சம் பணம். மொத்தம் 98 லட்சம்.

அடக்க விலைக்கு, அப்பா 2001க்கு முன் வாங்கியது என்றால் 1-4-2001 அன்றைய மதிப்பை எடுக்கலாம். வாரிசாக வந்த சொத்துக்கு அவர் வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் உங்களுக்குச் சேரும். ஆனால் நிலத்துக்கு அன்றைய கைடுலைன் மதிப்பைத் தாண்டக் கூடாது என்று 2020இல் வரம்பு போட்டுவிட்டார்கள். அன்று அது சதுர அடிக்கு 600 என்றால் 800 சதுர அடிக்கு 4.8 லட்சம். பழைய கட்டடத்துக்கும் ஒரு மதிப்பு சேர்க்கலாம். இங்கே எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.

இதுவரை எந்த ஆண்டில் வரி என்பதைப் பார்த்தோம். நிலம் எந்தத் தேதியில் கைமாறியது என்பது வேறு கேள்வி, இதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. 45(5ஏ) வரி விதிக்கும் ஆண்டைத்தான் தள்ளிப்போடுகிறது. கைமாறிய தேதி நிறைவுச் சான்று தேதிதான் என்று அது சொல்லவில்லை. அந்தத் தேதி இரண்டு இடங்களில் உங்களைத் தொடும்.

முதலாவது வரி விகிதம். 2024 ஜூலை 23க்கு முன் கைமாறியிருந்தால் பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20%. அன்றோ அதற்குப் பிறகோ என்றால் குறியீடு இல்லாமல் 12.5%, அதற்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு இந்தியாவில் வசிப்பவருக்குப் பழைய கணக்கில் வரி குறைவாக இருந்தால் அதோடு நிற்கலாம். உங்கள் எண்களில், 2021-22இல் கைமாறியது என்றால் அடக்க விலை 317 குறியீட்டோடு 15.22 லட்சம், லாபம் 82.78 லட்சம், வரி சுமார் 16.56 லட்சம். 2024-25இல் கைமாறியது என்றால் லாபம் 93.2 லட்சம், 12.5% வரி 11.65 லட்சம், பழைய முறையில் 363 குறியீட்டோடு போட்டாலும் 16 லட்சத்துக்கு மேல் வருவதால் 11.65 லட்சமே நிற்கும். இரண்டுக்கும் கிட்டத்தட்ட 5 லட்சம் வித்தியாசம். செஸ், சர்சார்ஜ் தனி.

எந்தத் தேதி என்பதை உங்கள் ஒப்பந்தத்தின் வாசகம்தான் தீர்மானிக்கும். நிலத்தின் அனுபோகம் பில்டரிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற மாதிரி எழுதியிருந்தால் 2021 செப்டம்பர் என்று அதிகாரி சொல்வதற்கு இடம் இருக்கிறது. கட்டுமானத்துக்காக நுழைய அனுமதி மட்டும் கொடுக்கப்படுகிறது, சட்டப்படியான அனுபோகம் உரிமையாளரிடமே இருக்கும் என்று எழுதியிருந்தால், பில்டரின் வாங்குநர்களுக்கு யூடிஎஸ் பத்திரம் பதிவான 2024 ஆகஸ்டுக்குப் பிறகுதான் கைமாறியது என்று வாதிடலாம். ஒப்பந்தத்தில் அனுபோகம், உரிமம் பற்றிய பத்தியை ஆடிட்டரும் வக்கீலும் சேர்ந்து படிக்காமல் 12.5% போடாதீர்கள்.

இரண்டாவது இடம், லாபத்தைப் புதிய வீட்டில் போட்டால் கிடைக்கும் 54ஆம் பிரிவு விலக்கு. நிலத்தில் வீடு இருந்து அதோடு கைமாறியதால் உங்களுக்கு 54 பொருந்தும். காலி மனையாக இருந்திருந்தால் 54எஃப். பில்டரிடமிருந்து கிடைத்த பிளாட்டையே புதிய வீடாகக் காட்டலாம். கட்டடத்தின் மதிப்பு 88 லட்சம், 2021 கணக்கின் லாபம் 82.78 லட்சம் என்றால் வரி பூஜ்யம்கூட ஆகலாம். ஆனால் கட்டிக்கொள்ளும் வீட்டுக்குக் கைமாறிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. 2021 செப்டம்பர் என்றால் கெடு 2024 செப்டம்பரில் முடிந்தது, உங்கள் சான்று வந்தது 2025 ஜூனில். பில்டரின் தாமதத்துக்காக உரிமையாளரின் விலக்கை மறுக்கக் கூடாது என்ற தீர்ப்புகள் உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். 2024 ஆகஸ்ட் என்றால் கெடு தாராளமாக இருக்கிறது. ஆக, உங்கள் விஷயத்தில் பிந்தைய தேதி இரண்டு இடத்திலும் உதவுகிறது. வேறு ஒருவருக்கு இரண்டும் எதிரெதிராக இழுக்கலாம். எதை எடுத்தாலும் கணக்கு முழுக்க ஒரே தேதியாக இருக்க வேண்டும். விகிதத்துக்கு ஒன்றும் விலக்குக்கு வேறொன்றும் போட்டால் நோட்டீஸ் வரும்போது நிற்க முடியாது.

விலக்கு எடுத்த பிளாட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் விலக்கு திரும்பிவிடும். இடிப்பதற்கு முன் எடுத்த வீட்டின் படங்கள், பழைய சொத்துவரி ரசீது, மின் இணைப்பு ரத்து செய்த கடிதம் ஆகியவற்றைக் கோப்பில் வையுங்கள். அங்கே வீடு இருந்ததற்கு அவைதான் சாட்சி.

அக்காவின் கணக்கு வேறு. நிறைவுச் சான்றுக்கு முன்பே தன் பங்கை விற்றவருக்கு 45(5ஏ)-யின் தள்ளிவைப்பு கிடையாது என்று அதே பிரிவின் காப்புரை சொல்கிறது. விற்ற ஆண்டிலேயே வரி. நிறைவுச் சான்று அன்றைய முத்திரை மதிப்பும் அவருக்குப் பொருந்தாது, சட்டத்தின் பொதுவான விதிகளின்படி மதிப்பு எடுக்க வேண்டும். அவருக்கு ஒரே ஆண்டில் இரண்டு அடுக்கு. ஒன்று, 800 சதுர அடி நிலத்தைப் பில்டருக்குக் கொடுத்துக் கட்டடம் பெற்றது. இரண்டு, மீதி 800 சதுர அடியோடு அந்தக் கட்டடத்தை விற்றது. 1.35 கோடியில் நிலத்தின் பங்கு 50 லட்சம், கட்டடம் 85 லட்சம் என்று பிரித்தால், முதல் அடுக்கில் விற்பனை மதிப்பு 85 லட்சமும் பெற்ற 10 லட்சமும். அந்த 85 லட்சமே இரண்டாம் அடுக்கில் கட்டடத்தின் அடக்க விலை ஆகிவிடும், அங்கே லாபம் நிலத்தில் மட்டும். மொத்தத்தில் 1.45 கோடியிலிருந்து 1,600 சதுர அடியின் அடக்க விலை 9.6 லட்சம் கழிந்து 1.354 கோடி லாபம், முழுதும் நீண்ட காலம். சிலர் 1.35 கோடியை முழுசாகவும் கட்டடப் பங்கைத் தனியாகவும் கூட்டி இரண்டு முறை வரி போட்டுவிடுகிறார்கள். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிளாட் கையில் இல்லாததால் அதைக் காட்டி அக்கா 54 கேட்க முடியாது. விற்ற தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கலாம். ஆனால் அதற்கான பணத்தை ரிட்டர்ன் கெடுவுக்குள் வங்கியின் கேபிடல் கெயின்ஸ் அக்கவுண்டில் போட்டிருக்க வேண்டும். 2024-25 ரிட்டர்னில் இதைக் காட்டாமல் விட்டிருந்தால் திருத்துவதற்கான கெடு 2025 டிசம்பர் 31. அதையும் தாண்டினால் கூடுதல் வரியோடு அப்டேட்டட் ரிட்டர்ன் போடுவதுதான் வழி. அக்கா ஆறு மாதம் பொறுத்து விற்றிருந்தால் நிச்சயம் லாபம் என்றும் சொல்ல முடியாது. சான்று வந்த உடனே விற்பவருக்குக் கட்டடம் குறுகிய காலச் சொத்து. கைடுலைனுக்கு மேல் கிடைக்கும் கட்டட விலைக்கு அவரவர் ஸ்லாப் விகிதத்தில் வரி வரும். நீங்களோ தம்பியோ விற்க நினைத்தால் சான்று தேதியிலிருந்து 24 மாதம் தாண்டட்டும். 54 எடுத்திருந்தால் மூன்று வருடம்.

அந்த 10 லட்சத்துக்கு வருகிறேன். இதில் பில்டர் 194-ஐசி பிரிவின்படி 10% பிடித்து ஆளுக்கு 9 லட்சம் கொடுத்திருப்பார். பிடித்த வரியைக் காட்டும் உங்கள் 26ஏஎஸ் படிவத்தில் அந்த ஒரு லட்சம் 2021-22இல் தெரியும், ஆனால் வருமானம் வரிக்கு வருவது இப்போது. பிடித்த வரிக்கான கிரெடிட் வருமானம் வரும் ஆண்டில்தான் கிடைக்கும் என்பது விதி 37பிஏ. 2022 முதல் ஒவ்வொரு ரிட்டர்னிலும் டிடிஎஸ் அட்டவணையில் அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவதாகக் காட்டி வந்திருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளலாம். வருமானத்தைக் காட்டாமல் 2022லேயே ரீஃபண்டாக வாங்கியிருந்தால் அதே ஒரு லட்சத்தை மறுபடி எடுக்கக் கூடாது. பழைய ரிட்டர்ன்களை எடுத்துப் பாருங்கள். திருப்பித் தர வேண்டிய டெபாசிட் வேறு ஏதாவது வாங்கியிருந்தால் அது விலையில் சேராது. ஆனால் கடைசியில் அதைத் திருப்பாமல் கணக்கில் கழித்துக்கொண்டிருந்தால் அதுவும் விலைதான்.

இதைப் படிக்கும், சிறிய நிலம் வைத்திருக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில், சில சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றே தேவையில்லை. அப்படிப்பட்ட கட்டடத்துக்கு வரி எப்போது என்பதை 45(5ஏ) சொல்லவில்லை. சான்று வராததால் வரியும் வராது என்று சும்மா இருப்பது ஆபத்து. அந்தப் பிரிவே பொருந்தாது என்று அதிகாரி பழைய விதிக்குப் போய், அனுபோகம் கொடுத்த ஆண்டைத் திறக்கலாம். விதி கேட்காவிட்டாலும் விண்ணப்பித்துச் சான்று வாங்க முடிந்தால் வாங்கிவிடுவது நல்லது. முடியாவிட்டால் பிளாட் ஒப்படைப்புக் கடிதத்தின் ஆண்டை எடுத்து வரி கட்டி, சொத்துவரி மதிப்பீட்டையும் மின் இணைப்புத் தேதியையும் ஆதாரமாக வைக்கலாம். பெரிய திட்டத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். சட்டம் ஒரு பகுதிக்கான சான்றையும் போதுமானதாக எடுத்துக்கொள்கிறது. முதல் பிளாக்குக்குச் சான்று வந்த ஆண்டிலேயே, இன்னும் கட்டாத பிளாக்கில் உள்ள பங்குக்கும் வரி கேட்கப்படலாம்.

உங்கள் இருவருக்கும் ரிட்டர்ன் கெடு 2026 ஜூலை 31. விலக்கு போக வரி வரும் என்று தெரிந்தால் அட்வான்ஸ் டாக்ஸை மீதியுள்ள தவணைகளில் பிரித்துக் கட்டுங்கள்; கடைசித் தவணை 2026 மார்ச் 15. நிறைவுச் சான்றின் நகல், அதே தேதியில் பதிவுத்துறை தளத்தில் எடுத்த கூட்டு மதிப்பு, நில மதிப்புப் பிரதிகள், 1-4-2001 கைடுலைன் மதிப்பு, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை ஆடிட்டரிடம் ஒன்றாகக் கொடுங்கள். தம்பி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் குறியீட்டோடு 20% கணக்கில் நிற்கும் வசதி அவருக்கு இல்லை. பில்டர் அவருக்குக் கொடுத்த பணத்தில் பிடித்திருக்க வேண்டிய வரியும் 194-ஐசியில் இல்லை, 195இல். அப்படியென்றால் அவர் கணக்கைத் தனியாகப் போடச் சொல்லுங்கள்.